வெளியேற்றம், குரல், விசுவாசம்: ஹிர்ஷ்மன் கேள்விக்கு விடை எழுதிய விதம்

எம்.ஏ. அரசியல் கோட்பாட்டுத் தாளில் எனக்கு வந்த கேள்வி இது: "மாற்று வழி இருந்தாலே பொதுச் சேவை தானாகத் திருந்திவிடுமா? ஆராய்க." பொருளியலாளர் ஹிர்ஷ்மன் பெயரோ, வெளியேற்றம், குரல், விசுவாசம் என்ற அவருடைய மூன்று சொற்களோ கேள்வியில் இல்லை. எங்கள் வகுப்பில் சிலர் தனியார்மயத்தின் நன்மை தீமைகளை எழுதிவிட்டு வந்தார்கள். அந்தத் தலைப்பில் எழுத நிறைய இருக்கும்தான், ஆனால் கேட்டது அதுவல்ல.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலின் அடிப்படை எளிது. சேவை கெட்டால் மக்கள் அதை விட்டுப் போகலாம், அது வெளியேற்றம்; அல்லது இருந்துகொண்டே முறையிடலாம், போராடலாம், அது குரல். இரண்டில் எது நடக்கும் என்பதை விசுவாசம் ஓரளவு தீர்மானிக்கிறது. இந்த விளக்கத்துக்கு ஐந்தாறு வரி போதும். மதிப்பெண் இருப்பது அடுத்த படியில்: ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கிறது?

அதற்கு நான் எடுத்துக்கொண்டது நைஜீரிய ரயில்வே. ஹிர்ஷ்மனுக்கே இந்த யோசனை அங்கிருந்துதான் கிடைத்தது. வட நைஜீரியாவில் விளையும் நிலக்கடலை லாகோஸ், போர்ட் ஹார்கோர்ட் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். இவ்வளவு தூரத்துக்குச் சரக்கு ஏற்ற ரயில்தான் தோது என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அங்கே லாரிகள் ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்தன. போட்டி வந்தால் ரயில்வே விழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? விழிக்கவில்லை.

ஏன் என்பதை இரண்டு காரணமாகப் பிரித்து எழுதினேன். முதலாவது, பணம். வாடிக்கையாளர் போனால் வருமானம் குறையும். தனியார் நிறுவனமாக இருந்தால் அதுவே எச்சரிக்கை மணி. ரயில்வேயின் நஷ்டத்தையோ அரசுக் கருவூலம் ஈடுகட்டியது. எனவே மணி அடித்தும் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது, போனவர்கள் யார் என்பது. ரயில் ஒழுங்காக ஓடாததால் அதிகம் பாதிக்கப்பட்டு, அதிகாரிகளிடம் போய்ச் சத்தம் போடக்கூடிய பெரிய சரக்கு வணிகர்களுக்கு லாரி கிடைத்துவிட்டது. லாரி இல்லாமல் இருந்திருந்தால் அவர்களே நிர்வாகத்தை உலுக்கியிருப்பார்கள். ஆக, அரைகுறையான மாற்று வழி, திருத்தத்துக்கான நெருக்கடியைத் தணித்துவிட்டது. தொல்லை கொடுக்கும் வாடிக்கையாளர் ஒழிந்தால் போதும் என்று நிம்மதியாக இருக்கும் இப்படிப்பட்ட அமைப்பை ஹிர்ஷ்மன் சோம்பேறி ஏகபோகம் என்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைச் சேருங்கள். விலை ஏறினால் முதலில் விலகுபவர், அந்தப் பொருளைப் பெரிதாக விரும்பாதவர். தரம் குறைந்தால் முதலில் விலகுபவர், தரத்தில் அதிகம் அக்கறை உள்ளவர். அரசுப் பள்ளியின் தரம் சரியும்போது ஆசிரியரிடம் போய்க் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர்தான் முதலில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார். மிச்சமிருப்பவர்களின் குரல் இன்னும் மெலிகிறது. ஆனாலும் முழுமையாக வெளியேறிவிட முடியாது என்பதையும் எழுத வேண்டும்: பிள்ளையை மாற்றிய பிறகும் அவர் வாழ்வது சரியாகப் படிக்காத பிள்ளைகள் வளரும் அதே ஊரில்தானே?

விசுவாசத்தைப் பொறுமை என்று எழுதிவிடாதீர்கள். போக வழி இருந்தும், இருந்து சரிசெய்து பார்ப்போம் என்று வெளியேற்றத்தைத் தள்ளிப்போடுவதுதான் அது. வழியே இல்லாதவர் விசுவாசி அல்ல, மாட்டிக்கொண்டவர். "சரிசெய்யாவிட்டால் போய்விடுவேன்" என்று சொல்ல முடிந்தால்தான் குரலுக்கும் பலம். அதனால் நைஜீரியக் கதையை வைத்து "கதவை அடைத்துவிட்டால் சேவை திருந்தும்" என்று முடித்தால் அது தவறான விடை.

இதற்கு மறுபக்கமாக நான் சேர்த்தது கிழக்கு ஜெர்மனி. 1961-இல் பெர்லின் சுவர் எழும்வரை இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போய்விட்டார்கள். அதிருப்தியாளர்கள் வெளியேற வெளியேற உள்ளே எதிர்ப்பு வலுவிழந்தது. இதுவரை பழைய கோட்பாடு பொருந்துகிறது. ஆனால் 1989 செப்டம்பரில் ஹங்கேரி எல்லை திறந்து ஆயிரக்கணக்கானோர் தப்பியபோது எதிர்ப்பு அடங்கவில்லை. லைப்ஸிக்கில் திங்கட்கிழமை ஊர்வலங்கள் பெருத்தன. அக்டோபர் 9 அன்று சுமார் எழுபதாயிரம் பேர் திரண்டார்கள். முதலில் "எங்களுக்கு வெளியே போகணும்" என்ற முழக்கம், அப்புறம் அதற்குப் பதிலாக "நாங்கள் இங்கேயே இருப்போம்". ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற தன் கருத்தை ஹிர்ஷ்மன் 1993 கட்டுரையில் தாமே திருத்திக்கொண்டார். இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் 1970 நூலோடு நின்றுவிடும் விடை பாதி விடைதான்.

நேரம் மிஞ்சினால் ஒரு குறையைச் சுட்டலாம். போகவும் செய்யாமல், பேசவும் செய்யாமல், வரியை மட்டும் கட்டிவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பவர் இந்த மூன்றில் எதில் அடங்குவார்? நகர்ப்புறக் குடிமக்களை ஆராய்ந்த லயன்ஸ், லவரி இருவரும் இதற்காகவே புறக்கணிப்பு என்ற நான்காவது வகையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் அதைக் கடைசிப் பத்தியில் மூன்றே வரியில் எழுதினேன்.