ஆறு மாத விலக்கு

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கட்டமைப்பு மறுஆய்வுக் குழுவில் நான் இருந்தபோது, எங்கள் இலக்குக் கட்டமைப்பின் முதல் விதி இதுதான்: ஒவ்வொரு சேவைக்கும் தரவுத்தளம் தனி; அடுத்த சேவையின் தரவு வேண்டுமானால், அது வெளியிடும் நிகழ்வுச் செய்திகளின் வழியாகவே பெற வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் அணியால் அதைப் பின்பற்ற முடியவில்லை. பாலிசி சேவையின் நிகழ்வுச் செய்திகள் அப்போது தயாராகாததால், பாலிசி அட்டவணையை நேரடியாகப் படிக்க அனுமதி கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு விலக்கு அளித்தோம். அந்த நிலையில் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிழை, அதைப் பதிவுசெய்த விதத்தில் இருந்தது. கட்டமைப்பு முடிவுகளைப் பதிவுசெய்ய மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த ஏடிஆர் வடிவத்தில் தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என ஐந்து பகுதிகள் உண்டு. எங்கள் 0014-ஆம் பதிவில் சூழல் ஒரு பக்கம் நீண்டது. விளைவுகள் பகுதியிலோ "திட்டம் குறித்த நேரத்தில் முடியும்" என்ற ஒரே வரிதான் இருந்தது. பாலிசி அணி அட்டவணையை மாற்றினால் என்னவாகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேலும், பதிவு கோரிக்கை அணியின் களஞ்சியத்தில் இருந்ததால், பாலிசி அணியின் கண்ணில் அது படவே இல்லை.

ஆறு மாதம் கடந்தும் நேரடி வாசிப்பு தொடர்ந்தது. பதினான்கு மாதங்களுக்குப் பின், தவணை தவறியும் சலுகைக் காலத்தில் உள்ள பாலிசிகளுக்கு G என்ற புதிய நிலைக்குறியைப் பாலிசி அணி சேர்த்தது. நடப்பிலுள்ள பாலிசியைக் குறிக்கும் A அல்லாத எதையும் காலாவதி என்றே எடுத்துக்கொண்ட கோரிக்கை நிரல், செல்லுபடியான கோரிக்கைகளை நிராகரிக்கத் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. வாடிக்கையாளர் புகார்கள் வந்த பிறகே தெரிந்தது.

அதன் பின் 0031 என்ற புதிய பதிவை எழுதினோம். 0014-ஐ அழிக்கவோ திருத்தவோ இல்லை. அன்று என்ன நினைத்தோம் என்பது தெரிய வேண்டும் என்பதால், அதன் நிலை வரியை மட்டும் மாற்றினோம்:

```
Status: Superseded by 0031
```

விலக்கின் முடிவுத் தேதியை ஆவணத்தில் எழுதியதோடு நிற்காமல், தரவுத்தளத்திலேயே பதித்தோம்:

```sql
ALTER ROLE claims_reader VALID UNTIL '2023-09-30';
```

எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் இது கடவுச்சொல்லின் ஆயுளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டிக்காது. ஆகவே சேவை மறுதொடக்கமாகும் வரை எதுவும் நடக்காதது போலவே தோன்றும். அதனால் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இரு அணிகளையும் குழுவின் முன் அழைப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் முறை அழைத்தபோது, கோரிக்கை அணியின் மேலாளர் இன்னும் மூன்று மாதம் கேட்டார். கொடுத்தோம், ஆனால் அதையும் தனிப் பதிவாக எழுதி, விளைவுகள் பகுதியைப் பாலிசி அணியே நிரப்பும்படி செய்தோம்.