மண்டபத்துக்குக் குழாய் இல்லை

"அப்போ, மண்டபத்துக்காரய்ங்க வீட்டுல நம்ம குழாய் இல்லேன்னா அவய்ங்களுக்கு வரியும் இல்லையா தம்பி?"

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சொத்து வரி நாலு அரையாண்டு பாக்கி, வட்டி சேர்த்தும் மூவாயிரத்தைத் தாண்டாது. மார்ச் கடைசி. அவர் வீட்டுக் குடிநீர்க் குழாயை அடைக்க நகராட்சி ஃபிட்டர் தெருவோரம் குழி தோண்டிக்கொண்டிருந்தார், நான் கையில் பட்டியலோடு நின்றேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெரியவர், "தெருமுனை கல்யாண மண்டபத்துல ஏன் தோண்டல?" என்று கேட்டிருந்தார். "அங்க நம்ம இணைப்பு இல்லங்கய்யா, போர் தண்ணியும் லாரித் தண்ணியும்தான்" என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

நான் சொன்னது பொய்யில்லை. தெருவில் நின்றுகொண்டு ஒரு வருவாய் உதவியாளர் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய மகன் திருப்பூரிலிருந்து போன் வழியாகப் பணத்தைக் கட்டினார், நாங்கள் குழியை மூடிவிட்டுக் கிளம்பினோம். வசூல் ஆனது, சட்டப்படி ஆனது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வரி கட்டாதவரை என்ன செய்யலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது. கேட்பு அறிவிப்பு கொடுக்கலாம், அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், வழக்குப் போடலாம். ஜப்தி என்றால் வாரண்ட், வண்டி, துணைக்குப் போலீஸ், பொருளை வைக்க இடம், அப்புறம் ஏலம் என்று எல்லாம் வேண்டும். என் கண்ணெதிரே ஒரு ஜப்திகூட நடந்ததில்லை. குழாயை அடைக்க ஒரு ஃபிட்டரும் ஒரு கடப்பாரையும் போதும். அதனால் மார்ச் வந்தால் எல்லாரும் கடப்பாரையைத்தான் எடுக்கிறோம். அது எட்டுவது நம் தண்ணீரை நம்பி இருப்பவரை மட்டும். சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட முடிந்தவர், குப்பை அள்ளத் தனியாக ஆள் வைத்தவர், நம் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜெனரேட்டர் உள்ளவர், இவர்களிடம் நிறுத்துவதற்கு நம் கையில் ஒன்றுமில்லை.

மைக்கேல் மேன் என்ற சமூகவியலாளர் 1984இல் அரசின் பலத்தை இரண்டாகப் பிரித்து எழுதினார். யாரையும் கேட்காமல் உத்தரவு போடும் பலம் ஒன்று. சமூகத்துக்குள் இறங்கி, யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, போட்ட உத்தரவை நடத்திக் காட்டும் பலம் இன்னொன்று. முதலாவது நிறைய இருந்து இரண்டாவது இல்லாத அரசுகள் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது அந்தக் குழிதான். பெரியவர் வாசலில் நாங்கள் பலமான அரசு. அங்கிருந்து நூறு அடி தள்ளி ஒன்றுமில்லை.

ஆனால் மண்டபத்துக்காரர் வரி கட்டாதவர் இல்லை. பலருக்கு இதுதான் புரியாது. எங்கள் பதிவேட்டில் அவருக்குப் பாக்கி பூஜ்யம். ஏப்ரல் மாதமே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையும் வாங்கிக்கொள்பவர். பதிவேட்டில் அந்தக் கட்டடம் 2,400 சதுர அடி குடியிருப்பு. நேரில் போய்ப் பார்த்தால் மேலே சாப்பாட்டுக் கூடம், பின்னால் சமையல்கட்டு, மணமகன் மணமகள் அறைகள், முன்னால் தகரக் கொட்டகை. டேப் பிடித்து அளந்தபோது 9,000 சதுர அடிக்குக் குறையவில்லை, அத்தனையும் வணிகப் பயன்பாடு. அரையாண்டுக்கு அவர் கட்டியது மூவாயிரம் சொச்சம். என் கணக்கில் வர வேண்டியது ஐம்பதாயிரத்தை ஒட்டி.

2022இல் மாநிலம் முழுக்க வரியை உயர்த்தினார்களே, அதில் இது சரியாகியிருக்காதா என்று கேட்கலாம். எங்களைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு, நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உயர்வு போடப்பட்டது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த வரியின் மேல். ஆயிரத்து ஐந்நூறு மூவாயிரம் ஆனது. 2,400 சதுர அடி அப்படியே இருந்தது. பெரியவரின் எழுநூறு சதுர அடி வீடு முழுசாகப் பதிவில் இருந்ததால் அவருக்கு ஏறியது உண்மையான உயர்வு. உள்ளதைச் சொன்னவர்தான் கூடுதலாகச் சுமந்தார்.

அந்த மண்டபத்துக்கு மறுமதிப்பீடு கேட்டு ஜனவரியிலேயே கோப்பு வைத்திருந்தேன். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான்ப்பா, மார்ச் முடியட்டும், ஏப்ரல்ல எடுப்போம்" என்றார். அவரை லஞ்சம் வாங்குகிறவர் என்று நினைத்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் வாங்குகிறவர் இல்லை. அவர் பார்த்தது எங்கள் கேட்பு, வசூல், நிலுவை அறிக்கையை.

அந்த அறிக்கையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் வார்டுகளின் கேட்பு, அதாவது கட்டச் சொல்லிக் கேட்ட மொத்த வரி, சுமாராக 40 லட்சம், வசூல் 34 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம். ஆய்வுக் கூட்டத்தில் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம். இப்போது மண்டபத்தை ஒழுங்காக மதிப்பிட்டு, விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்து 6 லட்சம் கேட்பு போடுகிறேன். அவர் உடனே கட்டமாட்டார், மேல்முறையீட்டுக்குப் போவார். கேட்பு 46 லட்சம், வசூல் அதே 34. சதவீதம் 74க்கு இறங்கிவிடும். ஊருக்கு 6 லட்சம் கண்டுபிடித்துக் கொடுத்தவனைப் பார்த்து, "ஏன் பதினோரு பாயிண்ட் குறைஞ்சது?" என்று கேட்பார்கள். கண்டுபிடிக்காதவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பதிவில் இல்லாத சதுர அடி அந்த அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் வராது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2016-17ஆம் ஆண்டின் மத்தியப் பொருளாதார ஆய்வறிக்கை, செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பெங்களூரு, ஜெய்ப்பூர் நகரங்களைக் கணக்கிட்டது. கிடைக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலாகவில்லை என்றது. கேட்பில் எவ்வளவு வசூலானது என்பது வேறு, கேட்டிருக்க வேண்டியதில் எவ்வளவு வசூலானது என்பது வேறு. நாங்கள் முதலாவதுக்குத்தான் மார்ச் முழுக்க ஓடுகிறோம்.

இத்தனைக்கும் அந்த மண்டபம் அரசுக்குத் தெரியாத கட்டடம் இல்லை. மின்வாரியத்தில் அதற்கு வணிக இணைப்பு, வணிகக் கட்டணம். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் புலப்படம் இருக்கிறது, மூலைக்கு மூலை அளவோடு. அந்த அளவு வந்த கதை பழையது. கும்பினிக்காரர்கள் முதலில் மதுரைச் சீமையைத் தங்கள் தளபதி யூசுப் கானிடம் குத்தகைக்கு விட்டு வசூலிக்கப் பார்த்தார்கள். அவர் எதிர்த்து நின்றார், 1764இல் தூக்கில் போடப்பட்டார். அப்புறம் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து, வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்து, யார் பெயரில் எவ்வளவு என்று எழுதிய பின்தான் கிஸ்தி ஒழுங்காக வந்தது. அந்த அளவுதான் இன்றைக்கும் நில வரிப் பதிவேட்டில் நிற்கிறது. ஆனால் நில வரி இப்போது ஒரு டீக்காசு. அரசுக்கு நன்றாகத் தெரிந்த சொத்தில் வரி இல்லை, வரி வர வேண்டிய சொத்து அரசுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது அடுத்த அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை.

இதைக் கூட வேலை பார்ப்பவர்களிடம் பேசினால், "வசூலில் நமக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும், எல்லா மண்டபத்தையும் அளந்து காட்டுறோம்" என்பார்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். கான், குவாஜா, ஓல்கன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சொத்து வரி ஊழியர்களுக்கு வசூலைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுத்துச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற வட்டங்களைவிட அங்கே வருவாயின் வளர்ச்சி 46 சதவீதம் கூடுதல். ஆனால் அந்தப் பணம் வந்தது புதிதாக மதிப்பிடப்பட்ட கொஞ்சம் சொத்துகளிலிருந்து. மற்ற பெரும்பாலோருக்கு வரி ஏறவில்லை, லஞ்சம்தான் ஏறியது. மாட்டிவிட்டால் ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு என்று ஆனதும், மாட்டாமல் விடுவதன் விலையும் கூடிவிட்டது. நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "அது பாகிஸ்தான்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் கோப்பை எடுக்கவில்லை, எல்லாருக்கும் தேர்தல் வேலை. அக்டோபர் அரையாண்டுக்குத்தான் புதிய கேட்பு போனது. இரண்டு வாரத்தில் தடையாணை வந்தது. அளந்தபோது உரிமையாளர் உடன் இருந்ததற்குக் கையெழுத்து இல்லை என்பது அவர்கள் தரப்பின் முதல் வாதம். உண்மைதான், இல்லை. அவர் அன்றைக்கு அறைக்குள் இருந்துகொண்டே, "முதலாளி ஊருக்குப் போயிருக்கார்" என்று ஆள் அனுப்பினார். காத்திருந்து வாங்கியிருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். அன்று எனக்கு இன்னும் ஆறு கட்டடம் பாக்கி, கூட வர ஆள் இல்லை. எல்லாக் காரணமும் உண்மையாக இருப்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் பெரியவர் வீட்டுக் குழாயை விட்டிருக்க வேண்டுமா? விட்டிருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்தத் தெருவில் நாற்பது வீடு. ஒருவருக்கு விட்டது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வருடம் அந்தத் தெருவில் யாரும் கட்டமாட்டார்கள், கட்டுகிறவனை ஏமாளி என்பார்கள். தூய்மைப் பணியாளர் சம்பளம் அந்த மூவாயிரங்களிலிருந்துதான் போகிறது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் படுகிறது. அதே தெருவில் எல்லாரும் மண்டபத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அடுத்த நிமிஷம் நினைவுக்கு வருகிறது. அவர்கள் கட்டத் தயங்குவதற்கு, நான் விடும் ஒரு குழாய் காரணமாக இருக்குமா, விட்டுக்கொண்டே வந்த மண்டபம் காரணமாக இருக்குமா? இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது வேறு நகராட்சியில் இருக்கிறேன். வந்ததும் மின்வாரிய உதவிப் பொறியாளரைப் பார்த்து, எங்கள் எல்லைக்குள் உள்ள வணிக இணைப்புகளின் பட்டியல் கேட்டேன். கதவு எண்ணோடு அது கிடைத்தால், எங்கள் பதிவேட்டில் குடியிருப்பு என்று இருப்பதோடு வைத்துப் பார்த்து ஒரே வாரத்தில் பாதி வேலையை முடித்துவிடலாம். டேப் பிடிக்கப் போவதற்கு முன்பே எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அவரும் மறுக்கவில்லை. "ஆணையர் கையெழுத்தோட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க சார், எங்க மேல ஆபீசுக்கு அனுப்பித்தான் தர முடியும்" என்றார். கடிதம் தயார் செய்து வைத்துவிட்டேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, இந்தப் பட்டியல் வந்தால் கேட்பு எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறார்.