29 வயதும் நள தீர்த்தமும்

நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையை அம்மா ஒரு பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்தது 2025 தை மாதம். "கலர் போகாம இருக்கும்" என்று மட்டும் சொன்னார். கல்யாணம் நின்றுவிட்டது என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஆனியில், "ஒருதரம் திருநள்ளாறு போயிட்டு வரலாமா?" என்று அம்மா கேட்டபோது நான் மறுபேச்சு பேசவில்லை.

அதற்கு முன்னால் இரண்டு பேர் என் ஜாதகத்தைப் பார்த்திருந்தார்கள்.

முதலாமவர் என்னோடு வேலை பார்க்கும் தோழி. மேற்கத்திய ஜோதிடம் படிப்பவர். நான் பிறந்தது 1995 மார்ச் முதல் வாரம் என்றதும், "உனக்கு சாட்டர்ன் ரிட்டர்ன் நடந்திருக்கு" என்றார். சனி சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 29 வருடம் 5 மாதம் எடுத்துக்கொள்கிறது. பிறக்கும்போது நின்ற அதே இடத்துக்கு அது திரும்பி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் 28 வயதிலிருந்து 30-க்குள் அது வந்தே தீரும். அவர்கள் கணக்கில் சனி என்றால் கட்டுப்பாடு, பொறுப்பு, காலம். ஆகவே 20 வயதுகளில் பழக்கத்தினாலோ பயத்தினாலோ பிடித்துக்கொண்டிருந்த உறவை அந்தச் சமயத்தில் சனி அழுத்திப் பார்க்கும், தாங்கினால் கல்யாணத்தில் முடியும், தாங்காவிட்டால் பிரிவில் முடியும் என்பார்கள். இரண்டையும் சனியின் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறார்கள்.

தோழி எனக்காகத் தேதிகளையும் எடுத்துக் கொடுத்தார். சனி என் பிறப்பு இடத்தை முதலில் தொட்டது 2024 ஏப்ரலில். அப்புறம் வக்ரமாகி, செப்டம்பரில் பின்னோக்கி வரும்போது இரண்டாம் முறை தொட்டது. மறுபடி நேராகி 2025 ஜனவரியில் மூன்றாம் முறை கடந்தது. முதல் தடவையில் பிரச்சினை தலைகாட்டும், இரண்டாவதில் உள்ளுக்குள் புழுங்கும், மூன்றாவதில் முடிவுக்கு வரும் என்றார். தேதிகளைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட வேண்டும் என்ற பேச்சு முதலில் வந்தது ஏப்ரலில். ஜனவரியில்தான் எல்லாம் முடிந்தது.

இரண்டாமவர் எங்கள் குடும்ப ஜோசியர். அவர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சனியை சனியிலிருந்து எதுக்கும்மா எண்ணணும்? சந்திரன்லேர்ந்து எண்ணு" என்றார். என் ராசி மேஷம், நட்சத்திரம் அசுவினி. அந்தப் பத்து மாதமும் சனி இருந்தது கும்பத்தில். மேஷத்திலிருந்து எண்ணினால் கும்பம் 11-ஆம் இடம், அதாவது லாப சனி. சனி நல்லது செய்யும் இடங்கள் 3, 6, 11 என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆக, தோழி சோதனைக் காலம் என்று சொன்ன அதே பத்து மாதத்தை எங்கள் ஜோசியர் நல்ல காலம் என்றார். வானத்தில் இருப்பது ஒரே சனி. எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

பிரிவுக்கு அவர் காட்டிய காரணம் தசாபுத்தி. எனக்கு 2020 மார்ச்சில் சூரிய தசை தொடங்கியது. அதில் கேது புத்தி வந்தது 2024 அக்டோபர் கடைசியில், நான்கு மாதமும் சில நாளும். கேது அறுத்துவிடும் கிரகம். "கோசாரம்கறது கிரகம் இப்ப நகர்ற நிலை. அது வாசல்ல வந்து நிக்கற ஆள் மாதிரி, தசாபுத்திதான் கதவைத் திறக்கணும்" என்றார். பிறகு எனக்கு நிச்சயமாகியிருந்தவருடைய ஜாதகத்தைப் பார்த்தார். மீன ராசி, உத்திரட்டாதி. மீனத்துக்குக் கும்பம் 12-ஆம் இடம், அதனால் அவருக்கு அப்போது ஏழரையின் முதல் பகுதியான விரய சனி. "கஷ்டகாலம் அந்தப் பையனுக்குத்தான்" என்றார் ஜோசியர். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அந்த மாதங்களில் அவருக்கு என்ன கஷ்டம் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை தொடும் காலம் பத்து மாதம் நீளுகிறது. சனி ஒரு ராசியில் இருப்பதோ இரண்டரை வருடம். நம் ஊரில் 28, 29 வயது என்பது வீட்டில் கல்யாணப் பேச்சு நெருக்கும் வயது. இவ்வளவு அகலமான காலத்துக்குள் ஒரு சம்பந்தம் கூடுவதும் முறிவதும் யாருக்கும் நடக்கலாம். நான் கூட ஏப்ரலையும் ஜனவரியையும் நினைவில் வைத்துக்கொண்டு, நடுவில் ஜூலையில் போட்ட பெரிய சண்டையை மறந்துவிட்டுத்தான் சிலிர்த்தேன். சனி எதைக் காட்டியது என்று இப்போது கேட்டால், நேரத்தைக் காட்டியிருக்கலாம் என்பேன். நாங்கள் பேசிக்கொள்ளாமல் விட்டதை சனியின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

சரி, திருநள்ளாறு. எழும்பூரில் இரவு ரயில் ஏறி காலையில் காரைக்காலில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். சனிக்கிழமை கூட்டத்துக்கு அம்மாவின் முழங்கால் தாங்காது என்பதால் புதன்கிழமையாகப் பார்த்துப் போயிருந்தோம்.

முதலில் நள தீர்த்தம். அம்மா என் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவர் எனக்கு எண்ணெய் தேய்த்தது அன்றுதான். உள்ளங்கையைக் குழித்து ஊற்றி, காதுக்குப் பின்னால் வழிந்ததைக் கட்டைவிரலால் மேலே ஏற்றி, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்று முழுக்குப் போட்டேன். உடுத்திய துணியைக் குளத்திலேயே விட்டுவிடும் வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் கெடும் என்று நாங்கள் அதைச் செய்யவில்லை, பிழிந்து பையில் வைத்துக்கொண்டோம்.

குளத்தின் நடுவில் நளனும் தமயந்தியும் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். நளன் என்றால் சனி பிடித்த ராஜா என்றுதான் அதுவரை என் மனதில் இருந்தது. படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போதுதான் கதை முழுவதும் கண் முன்னால் ஓடியது. இது புருஷன் பெண்டாட்டி பிரிந்த கதை. சூதில் நாட்டைத் தோற்று, காட்டுக்கு வந்து, தூங்குகிற மனைவியின் சேலையில் பாதியை அறுத்துக்கொண்டு அவன் போய்விடுகிறான். பாம்பு கடித்து உருவமே மாறி, வேறொரு ராஜாவிடம் தேரோட்டியாக, சமையல்காரனாக இருக்கிறான். அவனைத் தேடிக் கண்டுபிடிப்பவள் தமயந்தி. இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்பி அவனை வரவழைக்கிறாள். வந்தவன் சமைத்ததைக் கொண்டுவரச் சொல்லி, ருசியை வைத்தே அவன் யாரென்று உறுதி செய்கிறாள். அவளுக்கு அவன் கைப்பக்குவம் அவ்வளவு தெரிந்திருந்தது. குளத்தைப் பார்த்தபடி, அவர் காபியில் சர்க்கரை போடுவாரா மாட்டாரா என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு வருடம் பழகியிருந்தோம்.

கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் சனீஸ்வரர் சன்னதிக்கே ஓடுகிறார்கள். முறை அப்படி இல்லை. இது சிவன் கோயில். முதலில் தர்ப்பைக் காட்டில் தோன்றிய தர்ப்பாரண்யேஸ்வரர், பிறகு பிராணாம்பிகை, அதற்கப்புறம்தான் சனீஸ்வரர். நளன் உள்ளே வந்தபோது ஈஸ்வரனுக்கு அஞ்சி சனி வாசலிலேயே நின்றுவிட்டார் என்பது தலபுராணம். அந்த நினைவோடு பார்த்தால் சனீஸ்வரர் நிற்கும் மாடத்தின் இடமே நமக்குக் கதை சொல்கிறது. அம்பாள் முன்னால் நின்று அம்மா "போகமார்த்த பூண்முலையாள்" என்று மெல்லிய குரலில் தொடங்கினார். மதுரையில் சமணரோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் நெருப்பில் இட்டும் கருகாமல் பச்சையாகவே வந்த ஏடு இந்தப் பதிகம். அதனால்தான் பச்சைப் பதிகம் என்கிறார்கள். மூன்றாவது பாட்டில் அம்மாவின் குரல் உடைந்தது. மிச்சத்தை நான் புத்தகத்தைப் பார்த்துப் படித்து முடித்தேன்.

சனீஸ்வரர் சன்னதியில் கூட்டம் கம்மி. அம்மா குருக்களிடம், "மார்ச் 29 பெயர்ச்சியில பொண்ணுக்கு ஏழரை ஆரம்பிச்சிருக்கு, மேஷ ராசி, ஒரு அர்ச்சனை" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது திருக்கணிதப் பஞ்சாங்கம்மா. இங்க வாக்கியப் பஞ்சாங்கம். 2026 மார்ச் 6-தான் பெயர்ச்சி. உங்க பொண்ணுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. எட்டு மாதம் தள்ளிப் போனதற்கே அவ்வளவு நிம்மதி. எனக்கு இது இரண்டாம் சுற்று. முதல் சுற்றான மங்கு சனி என் ஒரு வயதில் தொடங்கி ஏழு வயதில் முடிந்திருக்கிறது. இரண்டாவதைப் பொங்கு சனி என்பார்கள், கொடுக்கும் என்பார்கள். அது எப்போது தொடங்கினாலும் சரி என்றுதான் அங்கே நின்றபோது இருந்தது. எள் தீபத்தின் புகை, நல்லெண்ணெய் வாசனை, கருநீல வஸ்திரத்தில் கிழக்கு பார்த்து நிற்கும் அந்தச் சின்ன உருவம். பயப்பட வேண்டியவராக எனக்கு அவர் தெரியவில்லை. வாசலில் பொறுமையாக நிற்பவராகத் தெரிந்தார்.

குருக்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். சொன்னேன். "வேற யாருக்காவது பண்ணணுமா?" என்றார்.

அம்மா வேண்டாம் என்பதுபோலத் தலையசைக்கத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டு அவர் பெயரைச் சொன்னேன். "மீன ராசி, உத்திரட்டாதி நட்சத்திரம்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அர்ச்சனைத் தட்டில் இன்னொரு பத்து ரூபாய் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.