தலையிடி இல்லாத நாளையும் எழுத வேணும்

இன்று கல்லடியில் அக்கா தன் தலையிடிக் கொப்பியை நீட்டினார்.

"றாலும் தயிரும்தான் காரணம் போல."

திகதி, சாப்பாடு, நித்திரை, நோவு பத்துக்கு எத்தனை, போட்ட குளிசை என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்.

முதல் பக்கங்களில் தலையிடி வந்த நாட்கள் மட்டும்தான். சுகமாக இருந்த நாளிலும் றால் சாப்பிட்டிருந்தால்? ஒப்பிட வழியே இல்லை.

பிறகு எல்லா நாளையும் எழுதியிருக்கிறார். அங்கே கதை மாறுகிறது. றால் கறி வைத்த பல நாட்களில் தலையிடியே இல்லை. நோவு ஏழு, எட்டுக்கு ஏறிய நாட்களுக்கு முந்தைய இரவுகளில்தான் நித்திரை ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவு. காலைச் சாப்பாடும் பிந்தியிருக்கிறது.

இதுவும் ஒரு சந்தேகம்தான், முடிவல்ல. சாப்பாட்டை அப்படியே விட்டு, நித்திரையை மட்டும் சில வாரம் சரிசெய்து பார்த்தால் தெரியும்.

எனக்குப் பயம் தந்தது குளிசைக் கட்டம். மாதத்தில் பாதி நாள் பரசிட்டமோல். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்தக் குளிசையே தலையிடியைத் தொடரச் செய்யலாம்.

"டொக்டரிட்ட முதல்ல இதைக் காட்டுங்கக்கா" என்றேன்.