டயட்டீஷியன் பதிவு: என் பட்டத்தைப் பிரிட்டனில் எப்படி எடைபோட்டார்கள்

பிரிட்டனில் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ள எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஏமாற்றும் நோக்கத்தோடு அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்தினால் சட்டப்படி குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தக் காவல் கிடையாது. நேற்று ஒரு வார இறுதிப் பயிற்சி முடித்தவரும் இன்று அதைப் பலகையில் எழுதி மாட்டலாம். இந்தியாவில் உணவு மற்றும் ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. முடித்து, மருத்துவமனையில் வேலையும் பார்த்துவிட்டு நான் அங்கே விண்ணப்பித்தபோதுதான் இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பது எனக்குப் பிடிபட்டது.

வெளிநாட்டில் படித்தவர்களின் விண்ணப்பத்தைத் தொழிலில் இருக்கும் மதிப்பீட்டாளர்கள் வாசிக்கிறார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அவர்களுக்கு முக்கியமில்லை. டயட்டீஷியனுக்கு என்று வகுத்திருக்கும் தகுதித் தரங்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவர் இதைப் படித்தாரா, செய்து பழகினாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அதற்காகப் படித்த கல்லூரியே நிரப்பித் தர வேண்டிய பாட விவரப் படிவம் ஒன்று உண்டு. மதிப்பெண் பட்டியலை இணைத்தால் போதாது. எந்தப் பாடம், அதில் என்ன கற்பித்தார்கள், மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எவ்வளவு நேரம், யார் மேற்பார்வை என்று எல்லாம் அதில் வர வேண்டும். ஆங்கிலத்துக்கு நான் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. தயார்செய்து எழுதினால் முடிந்துவிடுகிற வேலை அது.

படிவம் அப்படியில்லை. கல்லூரி அலுவலகத்துக்கு இது பழக்கமில்லாத வேலை. வழக்கமான சான்றிதழ் ஒன்றை அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுக்கத்தான் அவர்களுக்குத் தெரியும். கடைசியில் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னோடு உட்கார்ந்து, நாங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்து, பாடம் பாடமாக எழுதி உதவினார். இப்போதைய பாடத்திட்டம் அதற்கு உதவாது. நாம் படித்த ஆண்டில் என்ன இருந்ததோ அதுதான் கணக்கு.

விண்ணப்பம் போன பிறகு கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. உயிர்வேதியியல், உடலியங்கியல், நோய்க்கான உணவு முறை எதிலும் அவர்களுக்குக் கேள்வி இல்லை. கேள்வி முழுக்க மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றியது. என் மதிப்பெண் பட்டியலில் அது "இன்டர்ன்ஷிப்" என்ற ஒரே வரியாக, ஒரு கிரேடோடு நின்றது. பிரிட்டனில் இந்தப் பட்டம் படிப்பவர்கள் 1000 மணி நேர அளவில் நோயாளிகளோடும் சமூகத்திலும் மேற்பார்வையில் வேலை செய்து பழகித்தான் வெளியே வருகிறார்கள். அதற்கு இணையாக நான் என்ன செய்தேன் என்பது அந்த ஒரு வரியில் எப்படித் தெரியும்? கேட்டது நியாயம்தான்.

பயிற்சி பெற்ற மருத்துவமனையின் தலைமை டயட்டீஷியனுக்கு எழுதினேன். எந்த வார்டில் எத்தனை வாரம், எந்த வகை நோயாளிகள், எதை நானே முடிவெடுத்தேன், எதில் அவர் கையெழுத்து தேவைப்பட்டது என்று விரிவான கடிதம் அனுப்பினார். அதோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் நானே எழுதிய நோயாளிக் குறிப்புகளையும் இணைத்தேன்.

அவற்றில் ஒன்றை இங்கே சொல்கிறேன். எடை 40 கிலோ. பன்னிரண்டு நாளாக வாய்வழி உணவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. மூக்குக் குழாய் வழியாக உணவு தொடங்க வேண்டும். பொதுவான கணக்கில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, அதாவது நாளுக்கு 1000 முதல் 1200. இந்தக் கணக்கைப் போட எந்தக் குறுகிய பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிடும். ஆனால் இந்த நோயாளிக்கு அதை முதல் நாளே கொடுத்தால் ஆபத்து. பட்டினியில் இருந்த உடலுக்குள் திடீரென மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்படும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறோம். பத்து நாளுக்கு மேல் சாப்பிடாதவர் அதிக ஆபத்து உள்ளவர் என்பது, சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அவருக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கலோரியில், அதாவது 400-இல் தொடங்கி, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். உணவுக்கு முன்பே தயமின் என்ற வைட்டமின் பி1 ஆரம்பிக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த 1200-க்கும் 400-க்கும் இடையிலுள்ள தீர்ப்பைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, வார்டில் செய்துதான் அது கைக்கு வரும். என்னைப் பொறுத்தவரை சட்டம் அந்தப் பட்டப்பெயரைக் காப்பது இதற்காகத்தான். இந்த ஆதாரங்களுக்குப் பிறகு பதிவு கிடைத்தது.

இதனால் நியூட்ரிஷனிஸ்ட் எல்லோருமே அரைகுறை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் அவர்களுக்கென்று தன்னார்வப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அசோசியேஷன் ஃபார் நியூட்ரிஷன் அதை நடத்துகிறது. அங்கீகரித்த பட்டம் முடித்தவர்கள் முதலில் அசோசியேட் நிலையில் சேர்ந்து, அனுபவத்தைக் காட்டிய பிறகு ரிஜிஸ்டர்ட் நியூட்ரிஷனிஸ்ட் ஆகிறார்கள். பொது சுகாதாரம், உணவுத் துறை, விளையாட்டு போன்றவற்றில் மிகத் திறமையானவர்கள் அதில் இருக்கிறார்கள். நோயாளியைத் தனியாக எடுத்துச் சிகிச்சை உணவு வகுப்பது மட்டும் அவர்கள் வேலையில்லை. சேர்வது கட்டாயமில்லை என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பதிவேட்டில் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பலகையோடுதான் தெரிவார்கள்.

என் சித்தி மகள் மாட்டிக்கொள்ளப் பார்த்தது இங்கேதான். மூன்று மாத இணையவழிப் பயிற்சி. பெயரில் "கிளினிக்கல்", "டிப்ளமா" இரண்டும் இருந்தன. "சர்வதேச அங்கீகாரம்" என்ற முத்திரை வேறு. "அக்கா, இதை முடிச்சா அங்கே வேலை கிடைக்குமா?" என்று கேட்டாள். முத்திரையைக் கொடுத்தது யார் என்று பார்த்தோம். தொடர்கல்விப் பயிற்சிகளைச் சரிபார்க்கும் தனியார் அமைப்பு. அதாவது ஏற்கெனவே தகுதி உள்ளவர் தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள இது ஆகும் என்கிற சான்று. பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் எச்.சி.பி.சி. தளத்தில், ஒப்புதல் பெற்ற படிப்புகளின் பட்டியலைத் திறந்து தேடச் சொன்னேன். அந்தப் பெயர் இல்லை. பாடத்திட்டத்தில் நேரடி நோயாளிப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும், மற்ற இரண்டையும் பார்க்காமலே முடிவெடுக்கலாம். நல்ல வேளை, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டாள். அவள் இப்போது பட்டப்படிப்பில் இருக்கிறாள்.

இந்தியாவில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. பிறகு எந்த நாட்டில் விண்ணப்பிப்பீர்களோ தெரியாது, ஆனால் இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வார்டு, நேரம், நோயின் வகை, நீங்கள் செய்தது, மேற்பார்வையாளர் கையெழுத்து. நோயாளியின் பெயரோ எண்ணோ வேண்டாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் மொத்த மணி நேரத்தைக் கூட்டித் துறைத் தலைவரிடம் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் உங்களை நினைவில் வைத்து எழுத அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் படித்த ஆண்டின் முழுப் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.