சஷ்டி விரதத்தில் இருக்கும் என் தோழிக்கு

இன்று உனக்கு மூன்றாம் நாள். தீபாவளி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கி, காலையும் இரவும் பால், மதியம் கொஞ்சம் பழம் என்று இருக்கிறாய். தலைவலி என்றாய். கவலைப்படாதே, அது பெரும்பாலும் திடீரென்று காபியை நிறுத்தியதால் வருவது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். தண்ணீரை மட்டும் குறைக்காதே. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ உடனே உட்கார்ந்து, உப்புப் போட்ட மோரோ இளநீரோ குடி. அப்படியும் தெளியாவிட்டால் விரதத்தை முடித்துக்கொள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். உன் அம்மாவும் சர்க்கரை நோய் வந்த பிறகு ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தவர்தானே.

ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம். மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளக்க, அவனே மயிலும் சேவலுமாக மாறிய கதையை நீ சொல்லிக் கேட்பதே தனிச் சுகம். மணலில் நெரிசல் அதிகம் இருக்கும், வெறும் வயிற்றோடு கூட்டத்துக்குள் போகாதே. போகும் முன் பால் குடித்துவிடு, ஓரமாக நின்று பார்.

மறுநாள் திருக்கல்யாணம் முடிந்து பாரணை. அன்றைக்கு வடை, பாயசம் என்று தொடங்காமல் முதலில் கஞ்சி குடி. கஞ்சியும் பருப்புத் துவையலும் நானே கொண்டு வருகிறேன்.

அரோகரா!