வேனில் வராதவள்

மே 6, திங்கள்

கோத்தகிரிப் பக்கம் இந்த டீ ஃபேக்டரியில் இலைக் கணக்கு பார்க்கிறேன். வேலை பழகிவிட்டது, சாப்பாட்டு நேரம்தான் இன்னும் பழகவில்லை. பெரிய மேசையில் ஆறு பேர், எல்லாரும் குன்னூரிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள். நான் போய் உட்கார்ந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, பேச்சு மட்டும் நின்றுவிடும். அப்புறம் யாராவது "சாப்டாச்சா?" என்பார்கள், திறக்காத டிபன் பாக்ஸைக் கையில் வைத்திருப்பவளிடம்.

மே 9, வியாழன்

இன்றைக்குத்தான் நிஜமாகவே கோபம் வந்தது. கோடை மழையில் நனைந்து வரும் இலைக்கு எடையில் ஈரக்கழிவு பிடிப்போம். விவசாயத் தாத்தா ஒருவர் சீட்டை நீட்டி, "நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோ கழிச்சீங்க, இப்ப எட்டா? யாரைக் கேட்டு ஏத்துனீங்க?" என்று கவுண்டரில் நின்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். குன்னூர் ஏல நாள் என்பதால் மேனேஜர் தலையே நிமிரவில்லை. ஃபீல்டு அண்ணனுக்குப் போன் போட்டால், "போன வாரமே பேசியாச்சேம்மா, குரூப்ல போட்டோமே" என்கிறார். எந்த குரூப்? ஆபீஸ் குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம்தான் கிடக்கிறது. அவர் சொன்னது வேன்காரர்களின் குரூப்.

மே 10, வெள்ளி

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. யாரோடு சாப்பிடுவது, எதற்குச் சிரிப்பது என்பது அவர்கள் இஷ்டம், அதைக் கேட்டு வாங்க முடியாது. ஈரக்கழிவு எவ்வளவு என்பது வேலை, அதைக் கேட்க எனக்கு முழு உரிமை உண்டு. எடை போடும் அக்கா ஒரு கதை சொன்னார். எனக்கு முன்னால் இருந்தவர் "என்னை ஏன் சேர்க்கலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். உடனே சேர்த்தார்களாம். கொஞ்ச நாளில் அந்த குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான், பேச்செல்லாம் புது குரூப்புக்குப் போய்விட்டது. அதனால் என்னைச் சேருங்கள் என்று கேட்கப்போவதில்லை.

மே 14, செவ்வாய்

மத்தியானம் ஒரு லாரி இறக்கி அடுத்தது வருவதற்குள் ஃபீல்டு அண்ணனை எடைக் கொட்டகையில் தனியாகப் பிடித்தேன். மேசையில் ஆறு பேர் நடுவில் கேட்டிருந்தால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகியிருக்கும். "அண்ணே, கழிவு மாறினது எனக்குத் தெரியலை, அந்தத் தாத்தா உங்களைத்தான் திட்டிட்டுப் போனார். மாறுற அன்னைக்கு ஆபீஸ் குரூப்ல ஒரு வரி போட்டீங்கன்னா கேக்கிறவங்களை நானே பாத்துக்குவேன்" என்றேன். வேனைப் பற்றி மூச்சு விடவில்லை. "சரிம்மா, போட்டுடறேன்" என்றார்.

மே 17, வெள்ளி

போடவில்லை. நானே ஆபீஸ் குரூப்பில் எழுதினேன்: "இன்று நனைந்த இலை, நூற்றுக்கு எட்டு கிலோ கழிவு. சரிதானே அண்ணா?" கட்டைவிரல் ஒன்று வந்தது. போதும், நாளைக்கு யார் கேட்டாலும் காட்ட ஒரு ஆதாரம். அவர் தானாக எழுதும்வரை தினமும் இப்படிக் கேட்பதாக இருக்கிறேன்.

மே 23, வியாழன்

தள்ளி நின்று பார்த்தால் ஆறு பேரும் ஒரே மாதிரி இல்லை. ஸ்டோர் அண்ணன் மேசை ஓரத்தில் பாதி நேரம் போனைத்தான் பார்க்கிறார். டிரையருக்கு வந்த விறகு பில்லும் அவர் ரிஜிஸ்டரும் ஒத்துப்போகாமல் தவித்துக்கொண்டிருந்தார், நானும் கூட உட்கார்ந்து சரிபார்த்ததில் ஒரு லோடு இரண்டு முறை ஏறியிருந்தது. நேற்று அவராகவே வந்து, "நாளைக்கு மீட்டிங்ல இலைச் சீட்டு பத்திப் பேசுறாங்க, தயாரா வா" என்றார். எடைச் சீட்டின் நகல் அன்றன்றே எனக்கு வேண்டும் என்று கேட்கப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். மீட்டிங்கில் நான் கேட்டதும் வழக்கமான மௌனம். அவர் மட்டும், "ஸ்டோருக்கும் ஒரு நகல் வேணும் சார்" என்றார். மேனேஜர் தலையாட்டிவிட்டார். தனியாகக் கேட்டிருந்தால் "பார்க்கலாம்மா" என்று முடிந்திருக்கும்.

இது எல்லா இடத்துக்கும் செல்லாது. இங்கே வில்லத்தனம் இல்லை, தினமும் வேனில் ஒன்றாக வருவதால் வேலைப்பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ, சாதி பார்த்துத் தள்ளி உட்காரவைத்தாலோ இந்த நயம் உதவாது. தேதி போட்டு எழுத்தில் புகார் கொடுக்கத்தான் வேண்டும்.

ஜூன் 5, புதன்

போன மாத இலைப் பணம் பட்டுவாடா முடிந்தது. கழிவு பற்றிக் கேட்டவர்களுக்குத் தேதியோடு பதில் சொல்ல முடிந்தது. ஃபீல்டு அண்ணன் இப்போது வாரத்தில் பாதி நாளாவது தானாக எழுதுகிறார். நான் எடை அக்காவோடு கொட்டகையிலேயே சாப்பிடுகிறேன், அவர் கொண்டுவரும் அவரைக் குழம்புக்காகவே போகலாம். வேன் குரூப் அப்படியேதான் இருக்கிறது. அதில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஸ்டோர் அண்ணன் சொல்ல வந்தார், வேண்டாம் அண்ணே என்றேன். அங்கே அவருக்கு இருக்கிற இடம் போனால் நஷ்டம் எனக்குத்தான்.